பி.காம் படித்துவிட்டு ஏன் டிசைன் என்று கேட்டால் என்ன சொல்வது?

"பி.காம் (சி.ஏ.) முடிச்சிட்டு ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஒன்றரை வருஷம் ஜிஎஸ்டி வேலை பார்த்தேன். அப்புறம் வேலையை விட்டுட்டு எட்டு மாசம் ஃபிக்மா, யுஐ யுஎக்ஸ் எல்லாம் கத்துக்கிட்டேன். மூணு இன்டர்வியூ போனேன், மூணுலயும் முதல் கேள்வியே 'பி.காம் படிச்சிட்டு ஏன் டிசைன்?'தான். சின்ன வயசிலேர்ந்தே டிசைன்ல ஆர்வம்னு சொன்னேன், அதோட பேச்சு வேற பக்கம் போயிடுது. ஆபீஸ்ல இருந்தப்ப கிளையண்ட்ஸ் பில் அனுப்புறதுக்கு ஒரு கூகுள் ஃபார்ம் செஞ்சு கொடுத்தேன், அதெல்லாம் சொல்ற அளவுக்குப் பெரிய விஷயமில்ல. என்ன சொல்றதுண்ணா?"

அந்தக் கூகுள் ஃபார்மைத்தான் சொல்ல வேண்டும். பெரிய விஷயமில்லை என்று போகிறபோக்கில் தள்ளிவிட்டீர்களே, உங்களுக்கு வேண்டிய பதில் முழுக்க அதற்குள்தான் கிடக்கிறது.

நானும் பி.காம்தான். இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் டிசைன் டீமில் இருக்கிறேன், ஆள் எடுக்கும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே கேள்வியை நானே கேட்கிறேன். ஆனால் நான் முதலில் போன இன்டர்வியூவில் உங்களைப் போலவேதான் உளறினேன். சின்ன வயது, ஆர்வம், நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கப் படம் வரைவேன், எல்லாம் சொன்னேன். எதிரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, போன வாரம் எந்த ஆப்பைப் பார்த்து எரிச்சல் வந்துச்சு, ஏன்?" என்றார். யோசித்து ஒரு பேங்க் ஆப்பின் பெயரைச் சொன்னேன். ஏன் என்றால், "கலர் நல்லா இல்ல சார்." அந்த பேங்க் ஆப்பில் ஸ்டேட்மெண்ட் எடுக்க நான் மாதாமாதம் படாத பாடு படுவேன், அது வாயில் வரவில்லை! டிசைன் இன்டர்வியூ என்றால் கலரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆர்வம் என்ற பதிலில் பொய் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு கேட்கிறவரால் அடுத்து ஒன்றும் கேட்க முடியாது, அதுதான் சங்கடம். எவ்வளவு ஆர்வம் என்று கேட்பதா? அதனால்தான் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. ஒரு நல்ல பதில் அடுத்த மூன்று கேள்விகளை நம் பக்கத்து வயலுக்கே இழுத்துக்கொண்டு வர வேண்டும், நமக்கு வரப்பு தெரிந்த வயலுக்கு.

கேட்கிறவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே கேள்வியை எச்.ஆர். கேட்கும்போது ஒரு பொருள், டிசைன் லீட் கேட்கும்போது இன்னொரு பொருள். எச்.ஆருக்கு இருப்பது ஒரே பயம்: இந்தப் பையன் ஆறு மாதத்தில் பேங்க் பரீட்சை எழுதப் போய்விடுவானா, இல்லை சி.ஏ. இன்டர் பாஸாகிவிட்டது என்று கிளம்பிவிடுவானா. உங்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம், உங்கள் பட்டத்தின் அடைப்புக்குறிக்குள்ளேயே சி.ஏ. என்று இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிக்காரர்களுக்கு அது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று தெரியும். பெங்களூருவிலிருந்து வீடியோ காலில் பேசுகிற எச்.ஆருக்குத் தெரியாது, சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுக்குப் பாதி படித்துவிட்டு விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொள்வார். ரெஸ்யூமில் அதை விரித்து எழுதிவிடுங்கள், பாதி சந்தேகம் அங்கேயே போய்விடும்.

டிசைன் லீட் பார்ப்பது வேறு. அவர் கையில் இருக்கிற போர்ட்ஃபோலியோக்களில் நிறையப் பேர் ஒரே மாதிரி செய்திருப்பார்கள்: ஒரு சாப்பாட்டு டெலிவரி ஆப், ஒரு தியான ஆப், ஒரு மியூசிக் ஆப்பின் மறுவடிவம். கோர்ஸில் கொடுத்த அதே ஹோம்வொர்க். அவருக்குத் தெரிய வேண்டியது, யாரும் சொல்லாமல் இந்த ஆள் தானாக ஒரு பிரச்சினையைப் பார்த்திருக்கிறாரா, அதைத் தொட்டுச் சரிசெய்தாரா, சரியாக வராதபோது என்ன செய்தார். "ஏன் டிசைன்" என்று கேட்பது உங்கள் வாழ்க்கை வரலாற்றுக்காக அல்ல, அந்த ஒரு தடயத்துக்காகத்தான்.

நான் இன்டர்வியூ செய்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். திருப்பூர்க்காரர், பி.காம், ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இரண்டு வருடம் இருந்தவர். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன் பையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். இரண்டும் டிசி புக்கிலிருந்து கிழித்தவை, ஒன்று பழையது, ஒன்று அவர் மாற்றி அச்சடித்தது.

டிசி என்றால் டெலிவரி சலான். நிட்டிங் முடிந்த துணியை டயிங்குக்கு அனுப்பும்போது கூடவே போகிற சீட்டு. தேதி, பார்ட்டி பெயர், லாட் நம்பர், கலர், எத்தனை ரோல், எத்தனை கிலோ, வண்டி நம்பர். மூன்று பிரதி இருக்கும்: ஒன்று சரக்கு வாங்குகிறவருக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு, ஒன்று புத்தகத்திலேயே நமக்கு. துணி சாயமேறித் திரும்பி வரும்போது எடை மாறியிருக்கும், சில ரோல் பின்னால் வரும். அதையெல்லாம் எழுத அந்தச் சீட்டில் இடமே கிடையாது. அதனால் குடோனில் இருப்பவர் புத்தகத்தில் இருக்கிற நம் பிரதியின் ஓரத்தில் பேனாவால் கிறுக்கிவைப்பார், 482, மீதி 2, இப்படி. மாதக் கடைசியில் டயிங் பில் வரும்போது இந்தப் பெண் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, 482 என்றால் வந்த கிலோவா, அனுப்பியதைத் திருத்தியதா என்று போன் போட்டுக் கேட்க வேண்டும். இரண்டு நாள் இதற்கே போகும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், முடிந்துபோன ஒரு புத்தகத்தை எடுத்து, ஓரத்தில் என்னென்ன கிறுக்கியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். திரும்பத் திரும்ப வந்தது மூன்றே விஷயம்: திரும்பி வந்த கிலோ, வந்த தேதி, வர வேண்டிய ரோல். சீட்டில் எந்தக் கட்டம் இல்லை என்பதை அந்த ஓரமே சொல்லிவிட்டது. எக்செல்லில் கட்டம் போட்டு பிரஸ்ஸில் கொடுத்து ஒரே ஒரு புத்தகம் அடித்துப் பார்த்தார்கள்.

அது சரியாக வரவில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது இதைச் சொன்ன இடத்தில்தான். புதிய மூன்று கட்டங்களும் மூன்று பிரதியிலும் அச்சாகியிருந்தன. டயிங்கில் சீட்டை வாங்கியவர், கட்டம் காலியாக இருக்கிறதே என்று அன்றைக்கே ஒரு உத்தேச எடையைப் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டார். பில்லில் ஒரு எடை, சீட்டில் ஒரு எடை, சண்டை. அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது, சரக்கு திரும்பி வருகிற நேரத்தில் முதல் இரண்டு பிரதியும் நம் கையில் இருக்கவே இருக்காது, எழுதப் போவது புத்தகத்தில் தங்குகிற பிரதியில் மட்டும்தான். இரண்டாவது தடவை அந்த மூன்று கட்டங்களை மூன்றாம் பிரதியில் மட்டும், வேறு நிறத் தாளில் அச்சடித்தார். மேஜையில் வைத்த இரண்டாவது தாள் அதுதான்.

பிறகு அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "இதுக்குப் பேர் டிசைன்னு எனக்கு அப்ப தெரியாது சார், தெரிஞ்சப்புறம் ஃபிக்மா கத்துக்கிட்டேன்." பி.காம் ஏன் என்று நான் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை, கேட்க என்ன இருக்கிறது. அரை மணி நேரம் அந்தத் தாளைப் பற்றியே பேசினோம்.

இனி உங்கள் ஃபார்முக்கு வருவோம். நான் பார்த்ததில்லை, ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு காலத்தில் நானும் குப்பை கொட்டியவன்தான், அதனால் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடியும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, 3பி 20ஆம் தேதி. கிளையண்ட்கள் 9, 10ஆம் தேதி ராத்திரி வாட்ஸாப்பில் பில் போட்டோவைக் கொட்டுவார்கள். பாதி போட்டோ மங்கல், பில் நம்பர் வெட்டுப்பட்டிருக்கும், ஒரே பில் இரண்டு தடவை வந்திருக்கும். நீங்கள் இதைப் பார்த்துவிட்டு ஃபார்ம் செய்தீர்கள். சரியா?

இங்கே ஒரு விஷயத்தைத் தோண்டி எடுங்கள். முதலில் அந்த ஃபார்மில் என்னென்ன கேட்டீர்கள், பிறகு எதை எடுத்தீர்கள்? என் ஊகம், முதலில் விற்றவரின் ஜிஎஸ்டி எண், பில் நம்பர், தேதி, தொகை, அப்புறம் இது சிஜிஎஸ்டி-எஸ்ஜிஎஸ்டியா, ஐஜிஎஸ்டியா என்றும் ஒரு கேள்வி வைத்திருப்பீர்கள். மளிகைக் கடைக்காரருக்கு அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தெரியாது, எதையோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார். ஆனால் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு என்பது உங்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகா. ஈரோட்டுக் கடைக்காரர் வாங்கிய சரக்குக்கு, விற்றவரின் எண் 33இல் ஆரம்பித்தால் பெரும்பாலும் சிஜிஎஸ்டி-எஸ்ஜிஎஸ்டி, வேறு எண்ணில் ஆரம்பித்தால் ஐஜிஎஸ்டி. ஆக அந்தக் கேள்வியைக் கேட்கவே தேவையில்லை, எண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டு சந்தேகம் வருகிற ஒன்றிரண்டை மட்டும் நீங்கள் பார்த்தால் போதும். ஒரு ஃபார்மிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துவிடுவது டிசைனில் எவ்வளவு பெரிய காரியம் என்பது லீட் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். டிசைன் படித்துவிட்டு வருகிறவருக்கு இந்தக் கேள்வியை எடுக்கலாம் என்றே தோன்றாது, எடுக்கலாம் என்று தெரிய ஜிஎஸ்டி தெரிய வேண்டும். உங்கள் பி.காம் டிசைனுக்குள் வருகிற இடம் இதுதான். "காமர்ஸ் படித்ததால் எனக்குப் பயனர்களின் மனம் புரியும்" என்று ஒரு பதில் வலைத்தளங்களில் சுற்றுகிறது, அதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். புரியும் என்றால் எந்தப் பாடத்தில், எந்த அத்தியாயத்தில் என்று நானே மடக்கியிருக்கிறேன்.

ஃபார்மில் சரியாக வராதது எது என்பதையும் நினைவுபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார்கள். கூகுள் ஃபார்மில் ஃபைல் ஏற்றும் கேள்வி வைத்தால், நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தே ஆக வேண்டும். பாஸ்வேர்டு எது என்று மகனுக்குத்தான் தெரியும் என்கிற கடைக்காரர் என்ன செய்வார்? பழையபடி வாட்ஸாப்புக்கே வந்திருப்பார். உங்களுக்கும் இது நடந்திருந்தால் மறைக்காதீர்கள், எத்தனை பேர் ஃபார்முக்கு வந்தார்கள், எத்தனை பேர் வரவே இல்லை, வராதவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று அப்படியே சொல்லுங்கள். எல்லோரும் சந்தோஷமாகப் பயன்படுத்தினார்கள் என்று சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

சரி, வாயில் எப்படி வர வேண்டும்? ஒரு நிமிடம், அதற்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் வரிசை இதுதான், எண்களை மட்டும் உங்களுடையதாகப் போட்டுக்கொள்ளுங்கள்:

"ஆடிட்டர் ஆபீஸ்ல நாப்பது கடையோட பில்லை நான்தான் பார்த்தேன். எல்லாம் வாட்ஸாப்ல போட்டோவா வரும், பாதி படிக்க முடியாது. ஒரு ஃபார்ம் செஞ்சேன், முதல்ல ஒன்பது கேள்வி, யாரும் முழுசா நிரப்பல. ஒருத்தர் கடையில போய் உட்கார்ந்து அவர் நிரப்புறதைப் பார்த்தேன், வரி வகை எதுன்னு கேட்ட இடத்துல நின்னுட்டார். ஜிஎஸ்டி நம்பர்லயே அது இருக்குன்னு அந்தக் கேள்வியை எடுத்தேன், இப்படி ஒன்பது அஞ்சாச்சு. அப்புறம் பாதிப் பேர் அதுல அனுப்ப ஆரம்பிச்சாங்க, மீதிப் பேர் லாகின் பிரச்சினையால வரல. ரிட்டர்ன் போடுறதை விட இந்த வேலைதான் எனக்கு ராத்திரி வரைக்கும் ஓடுச்சு. அதனால முறையா கத்துக்கலாம்னு எட்டு மாசம் எடுத்தேன். அந்த ஃபார்மையே மறுபடி ஃபிக்மால செஞ்சது இதோ இருக்கு."

கடைக்குப் போய் உட்கார்ந்து பார்க்கவில்லை என்றால் அதைச் சொல்லாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். போனில் கேட்டது, வாய்ஸ் மெசேஜில் திட்டு வாங்கியது, எதுவாக இருந்தாலும் சரி. இட்டுக்கட்டிய கதை இரண்டாவது கேள்வியிலேயே நொண்டும். "அந்தக் கடைக்காரர் எந்த போன் வச்சிருந்தார், ஃபார்ம் தமிழ்ல இருந்துச்சா" என்று சும்மா ஒரு கேள்வி போடுவேன், உண்மையிலேயே பார்த்தவர் யோசிக்காமல் சொல்வார்.

கவனித்தீர்களா, மேலே உள்ள பதிலில் பி.காம் என்ற சொல்லே வரவில்லை. பட்டத்துக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. வேலையில் ஒரு இடத்தில் டிசைனைத் தொட்டேன், பிறகு அதன் பின்னால் போனேன், அவ்வளவுதான். "வீட்ல சேர்த்துவிட்டாங்க, பிளஸ் டூல மார்க் வரல, எனக்குக் கணக்கே பிடிக்காது" என்று ஆரம்பிக்கிறவர்கள் நிறைய. முதல் இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும், கேட்கிறவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. மூன்றாவது நேராகவே கெடுதல். சென்னையில் டிசைனருக்கு வேலை கொடுக்கிற மென்பொருள் நிறுவனங்களில் கணக்கு, பில்லிங், பேமெண்ட் சம்பந்தப்பட்டதைச் செய்கிற இடங்கள் கணிசம். சோஹோவுக்கு புக்ஸ் என்று கணக்கு மென்பொருளே இருக்கிறது, சார்ஜ்பீ ஆரம்பித்ததே சந்தா பில்லிங்கில்தான். அங்கே போய் கணக்கு பிடிக்காது என்றால் அப்புறம் என்ன பேசுவது.

இதில் உங்களுக்கு இருக்கிற வசதி மற்றவர்களுக்குக் கிடையாது, ஆனால் அது உங்கள் போர்ட்ஃபோலியோவில் தெரிய வேண்டும். டேலியில் பழகிய அக்கவுண்டண்ட் மவுஸைத் தொடுவதே இல்லை. F8 தட்டினால் விற்பனை, F9 தட்டினால் கொள்முதல், எண்டர் அடித்தால் அடுத்த கட்டம், கண் பில்லில் இருக்கும், விரல் பாட்டுக்கு ஓடும். அவரையே ஒரு வெப் ஃபார்ம் முன்னால் உட்கார வையுங்கள். பழக்கதோஷத்தில் எண்டர் அடிப்பார், பாதி நிரப்பிய ஃபார்ம் சப்மிட் ஆகிவிடும். கணக்கு மென்பொருளுக்கு ஸ்கிரீன் வரைகிற டிசைனர்களில் இது தெரியாதவர்கள் நான் பார்த்தவரை நிறைய, உங்களுக்கு இது உடம்பில் ஊறியது. உங்கள் ப்ராஜெக்டில் ஒரு கொள்முதல் பதிவு ஸ்கிரீன் வைத்து, எண்டருக்கு என்ன நடக்கும், தவறாக அடித்தால் எப்படிப் பின்னால் போவது என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரிக்காகவே கூப்பிடுகிற லீட்கள் உண்டு.

இதற்கு நேர்மாறாக நடப்பதையும் பார்த்திருக்கிறேன். பி.காம் முடித்த ஒரு பையன் அழகான டேஷ்போர்டு ஒன்று வைத்திருந்தான், இருட்டுப் பின்னணி, வளைவு வளைவாகக் கிராஃப், எல்லாம் ஜோர். நடுவில் பெரிதாக ₹1,250,000 என்று இருந்தது. எங்கிருந்தோ எடுத்த டெம்ப்ளேட்டில் டாலரை அழித்துவிட்டு ரூபாய் போட்டிருக்கிறான், கமா மேல்நாட்டுக் கணக்கிலேயே நிற்கிறது. மூன்று வருடம் லெட்ஜர் எழுதியவன் கண்ணுக்கு 12,50,000 என்று இல்லாதது உறுத்தவில்லையா? கீழே இருந்த பட்டியலிலும் தொகைகள் இடப்பக்கம் ஒட்டியிருந்தன, ஒன்றின் கீழ் ஒன்று இலக்கம் சேரவே இல்லை. இன்ஜினியரிங் படித்தவர் செய்திருந்தால் ஒரு குறிப்போடு விட்டிருப்பேன். இவன் வாயால் "காமர்ஸ் என்னோட பலம்" என்று சொல்லிவிட்டு ஸ்கிரீனில் இப்படி வைத்தால் வாயை நம்புவதா, ஸ்கிரீனை நம்புவதா.

எச்.ஆரின் பயத்துக்கு வேறு பதில் வேண்டும், அது சுருக்கமானது. "திரும்பப் போயிடுவீங்களா" என்று அவர் நேராகக் கேட்க மாட்டார், "அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க" என்று சுற்றி வளைப்பார். அப்போது, வேலையை விட்ட மாதம், விட்ட பிறகு செய்த ப்ராஜெக்ட்கள், பேங்க் பரீட்சைக்கு விண்ணப்பிக்கவில்லை என்பது (உண்மையிலேயே இல்லை என்றால்), இதை மட்டும் சொல்லுங்கள். எட்டு மாதம் சம்பளம் இல்லாமல் இருந்ததே நீங்கள் திரும்பப் போக மாட்டீர்கள் என்பதற்குப் போதுமான சான்று. அந்த எட்டு மாதத்தை ரெஸ்யூமில் காலியாக விடாமல், என்ன செய்தீர்கள் என்று மாதத்தோடு போடுங்கள். கோர்ஸ் சான்றிதழை மேலே தூக்கி வைக்க வேண்டாம், அது அடியில் ஒரு வரியாகக் கிடக்கட்டும். ஆடிட்டர் ஆபீஸ் வேலையின் கீழே "ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல்" என்று நான்கு வரி எழுதியிருப்பீர்கள், அதில் மூன்றை எடுத்துவிட்டு ஃபார்மைப் பற்றி எழுதுங்கள்.

சம்பளப் பேச்சில் ஒரு குத்தல் வரும், தயாராக இருங்கள். டிசைனில் உங்களுக்கு அனுபவம் பூஜ்யம், ஃபிரெஷர் சம்பளம்தான் என்பார்கள். கணக்கு சம்பந்தமில்லாத நிறுவனம் என்றால் அவர்கள் சொல்வது நியாயம்தான், மல்லுக்கட்டிப் பயனில்லை. ஆனால் இன்வாய்ஸ், வரி, பேமெண்ட் இதில் ஏதாவது அவர்கள் செய்கிறார்கள் என்றால் அந்த ஒன்றரை வருடத்துக்கு விலை உண்டு, டெவலப்பருக்கும் ஆடிட்டருக்கும் நடுவில் பேச ஒரு ஆள் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். எல்லா இடத்துக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்பாமல், முதலில் இந்த மாதிரி நிறுவனங்களைத் தேடிப் போங்கள் என்பது என் யோசனை. விளம்பர ஏஜென்சியில் போய் ஜிஎஸ்டி ஃபார்ம் கதையைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள், அவர்களுக்குப் போஸ்டரும் எழுத்துருவும் தெரிந்தவர் வேண்டும்.

நல்ல பதில் சொன்னாலும் நடக்காத இடங்களும் இருக்கின்றன. விளம்பரத்திலேயே டிசைன் பட்டம் கட்டாயம் என்று போட்டிருக்கிற வேலைக்கு இது உதவாது. பின்னாளில் அமெரிக்கா போகிற எண்ணம் இருந்தால், அங்கே எச்-1பி விசாவுக்குப் படிப்பும் வேலையும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள், அங்கே உங்கள் ஃபார்ம் கதை செல்லாது. அதற்காக இப்போதே இன்னொரு டிகிரி சேர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து யோசிக்கலாம்.

அப்புறம் ஒன்று, இன்றைக்கே செய்ய வேண்டியது. அந்த ஃபார்ம் இன்னும் ஆபீஸ் கணக்கில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆடிட்டரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு காலி ஃபார்மை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், முதல் வடிவம் எங்காவது கிடைத்தால் அதையும் விடாதீர்கள். நிரப்பிய பதில்களைக் காட்டவே வேண்டாம், போலியான விவரம் போட்டு நீங்களே நிரப்பிக் காட்டுங்கள். ஒரு பெண் தன் போர்ட்ஃபோலியோவில் கிளையண்டின் பெயரையும் பான் எண்ணையும் அழகாக மறைத்துவிட்டு ஜிஎஸ்டி எண்ணை அப்படியே விட்டிருந்தார். 15 எழுத்தில் மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை பான் எண்தானே இருக்கிறது, அவரும் பி.காம்தான்.